வீட்டு நகைக்கு இன்சூரன்ஸ்: பில் இல்லாத பவுனை எப்படிக் காட்டுவது?

"ஐயா, கும்பகோணத்தில் சொந்த வீட்டில் இருக்கிறோம். போன மாதம் பக்கத்துத் தெருவில் பூட்டை உடைத்து நகையை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. எங்களிடம் மொத்தம் 42 பவுன். 26 பவுன் பேங்க் லாக்கரில், 16 பவுன் வீட்டு பீரோவில். வீட்டுக்கடன் வாங்கியபோது பேங்கிலேயே 30 லட்சத்துக்கு பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி எடுத்துக் கொடுத்தார்கள். அதிலேயே நகையும் அடங்கிவிடும் என்கிறார் என் கணவர். நகையில் பாதி என் மாமியாருடையது. கட்டிக்கொடுத்த மகளின் நகையும் கொஞ்சம் இங்கே இருக்கிறது. பலவற்றுக்கு பில்லே கிடையாது. பட்டியல் எழுதிக் கொடுத்தால் வருமான வரிக்காரர்கள் வருவார்களோ என்றும் பயம். தை மாதம் சின்னவனுக்குக் கல்யாணம். என்ன செய்யட்டும்?"
- ஒரு வாசகி, கும்பகோணம்

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்த பாலிசித் தாளை எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணவர் சொல்வது சரியில்லை. 2021 ஏப்ரலிலிருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே மாதிரி விற்கும் பாலிசி அது. கட்டடத்துக்கு எடுத்தால் வீட்டுச் சாமான்களும் தானாகவே சேர்ந்துவிடும். கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் என்று அதற்குக் கணக்கு. உங்கள் 30 லட்சத்துக்கு 6 லட்சம் வரும். ஆனால் அந்த 6 லட்சம் கட்டில், பீரோ, பிரிட்ஜ், டிவி, பாத்திரம், துணிமணி இவற்றுக்கு. நகை, வெள்ளிச் சாமான், ஓவியம், பழங்காலப் பொருள் எல்லாம் 'மதிப்புமிக்க பொருட்கள்' என்று தனி வகையில் இருக்கின்றன. அந்த வகையை நீங்கள் தனியாகக் கேட்டு, தனியாகப் பிரீமியம் கட்டினால்தான் சேரும். பேங்க் எடுத்துக் கொடுத்த பாலிசியில் அது பெரும்பாலும் இருக்காது. பேங்குக்கு வேண்டியது அவர்கள் கடன் கொடுத்த கட்டடம் மட்டும்தான்.

இதைவிட முக்கியமான சேதி ஒன்று உண்டு. நகையைத் தனியாகச் சேர்த்தாலும் இந்த பாலிசி அடிப்படையில் தீ, வெள்ளம், புயல், இடி, நிலநடுக்கம் போன்றவற்றுக்கானது. திருட்டு என்ற சொல் அதில் இருக்கிறது, பார்த்ததும் மனசு நிம்மதியாகும். ஆனால் முழு வரியையும் படியுங்கள். தீயோ வெள்ளமோ போன்ற ஒரு சம்பவம் நடந்து, அதனாலேயே, 7 நாட்களுக்குள் நடக்கும் திருட்டு மட்டும்தான் அதில் அடக்கம். வெள்ளத்தில் வீட்டை விட்டுப் போயிருக்கும்போது யாராவது உள்ளே புகுந்தால் சரி. சும்மா இருக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி பூட்டை உடைத்து எடுத்துப் போனால் அந்த பாலிசியில் ஒன்றும் கிடைக்காது. பக்கத்துத் தெருவில் நடந்தது இரண்டாவது வகை.

ஆகவே உங்களுக்கு வேண்டியது கன்னக்களவு, திருட்டுக்கான பாதுகாப்பு. இதே பாலிசியோடு கூடுதலாகச் சேர்க்க முடிகிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஹவுஸ்ஹோல்டர் பேக்கேஜ் பாலிசி என்று பல நிறுவனங்களில் இருக்கிறது. அதில் பல பிரிவுகள் உண்டு. திருட்டுக்கு ஒரு பிரிவு, நகைக்கென்றே 'ஆல் ரிஸ்க்' என்று இன்னொரு பிரிவு. திருட்டுப் பிரிவு வீட்டுக்குள் இருப்பதை மட்டும் பார்க்கும். ஆல் ரிஸ்க் பிரிவு நீங்கள் கழுத்தில் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகும்போதும் தொடரும், அதனால் அதற்குப் பிரீமியம் அதிகம். தினமும் செயின் போட்டுக்கொண்டு வெளியே போகிறவர்களுக்கு அது தேவைப்படும். உங்கள் கவலை பீரோவைப் பற்றியது என்பதால் திருட்டுப் பிரிவைத்தான் முதலில் பேசுகிறேன்.

'திருட்டு' என்று பாலிசி எதைச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான பாலிசிகளில் வன்முறையாக, பலவந்தமாக உள்ளே புகுந்திருக்க வேண்டும், அல்லது அப்படி வெளியேறியிருக்க வேண்டும். அந்த வார்த்தை பாலிசியில் இருந்தால், பலவந்தம் நடந்ததற்கு அடையாளம் இல்லாத திருட்டுக்குப் பணம் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2004-ல் ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. இது நம் வீடுகளில் எங்கே இடிக்கும் தெரியுமா? வாசல் சாவியை மீட்டர் பெட்டிக்குள்ளோ செருப்பு ஸ்டாண்டிலோ வைத்துவிட்டுப் போகிறோம். சாவியை எடுத்துத் திறந்து உள்ளே போனவன் எதையும் உடைக்கவில்லை. பீரோ சாவியும் அலமாரிப் புடவைக்கு அடியில் இருந்தால் பீரோவும் உடையவில்லை. நஷ்டத்தைக் கணக்கிட கம்பெனி அனுப்பும் சர்வேயர் வந்து பார்க்கும்போது கீறல்கூட இல்லாத பூட்டு இருக்கும். வீட்டு வேலைக்கு வருகிறவரோ வீட்டு ஆளோ எடுத்ததாகத் தெரிந்தால் அதையும் பல பாலிசிகள் விலக்கி வைக்கின்றன. அதேபோல, தொடர்ந்து 30 நாள் வீட்டில் ஆள் இல்லாவிட்டால் திருட்டுப் பாதுகாப்பு நின்றுபோகும் என்று பல பாலிசிகளில் ஒரு வரி இருக்கும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையிடம் மூன்று மாதம் போய் இருந்துவிட்டு வருகிறவர்கள் கிளம்புவதற்கு முன்பு கம்பெனிக்கு எழுதிக் கேட்க வேண்டும். இந்த மூன்றையும் வாங்குவதற்கு முன்பே பாலிசி வாசகத்தில் தேடிப் பாருங்கள். ஏஜென்ட் வாயால் சொல்வது பாலிசி ஆகாது.

இப்போது தொகைக்கு வருகிறேன். மக்கள் அதிகம் ஏமாறும் இடம் இது.

கணக்கு எளிதாக இருக்க ஒரு பவுன் 1 லட்சம் என்று வைத்துக்கொள்வோம், அன்றைய விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் 16 பவுன், அதாவது 16 லட்சம். பிரீமியத்தைக் குறைக்க நகைக்கு 10 லட்சம் மட்டும் போட்டிருக்கிறீர்கள் என்று வைப்போம். "எப்படியும் எல்லாவற்றையும் எடுத்துப் போகப் போவதில்லை, 10 லட்சம் போதும்" என்று தோன்றும். திருடன் 5 பவுன் எடுக்கிறான். 10 லட்சத்துக்குள்தானே, 5 லட்சமும் வந்துவிடும் என்று நினைப்பீர்கள். வராது. பாலிசியில் 'சராசரி விதி' என்று ஒன்று இருந்தால், 16 லட்சம் மதிப்புள்ள பொருளுக்கு 10 லட்சம்தான் போட்டிருக்கிறீர்கள், மீதி 6 லட்சத்துக்கு நீங்களே பொறுப்பு என்று கணக்குப் போடுவார்கள். நஷ்டம் எவ்வளவாக இருந்தாலும் பதினாறில் பத்துப் பங்குதான். 5 லட்சத்துக்கு 3,12,500 ரூபாய். அதிலும் பாலிசியில் குறித்த முதல் தொகையை உங்கள் பங்காகக் கழித்துக்கொள்வார்கள்.

இதே கணக்கைத் தை மாதத்துக்குப் போடுங்கள். கல்யாணத்துக்கு லாக்கரிலிருந்து 26 பவுனும் வீட்டுக்கு வருகிறது. அந்த வாரம் வீட்டில் இருப்பது 42 லட்சம். பாலிசி இன்னும் 10 லட்சம்தான். அதே 5 பவுன் போனால் நாற்பத்திரண்டில் பத்துப் பங்கு, ஏறக்குறைய 1,19,000 ரூபாய். வீட்டில் நகை அதிகமாக இருக்கும் நாளில், ஆள் நடமாட்டமும் அதிகமாக இருக்கும் நாளில், உங்கள் பாதுகாப்பு பாதிக்கும் கீழே ஒடுங்கிவிடுகிறது. இதைத் தவிர்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று, கல்யாணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே கம்பெனிக்கு எழுதி, அந்த நாட்களுக்கு மட்டும் தொகையை உயர்த்தும் ஒப்புதலை வாங்குங்கள். அதற்கு 'எண்டார்ஸ்மென்ட்' என்பார்கள். கையில் வாங்கிய பிறகே லாக்கரைத் திறங்கள். இன்னொன்று, அன்றன்றைக்குப் போடுவதை மட்டும் அன்றன்றைக்கு லாக்கரிலிருந்து எடுத்துத் திரும்ப வைப்பது. பேங்க் நேரம் ஒத்துவந்தால் இது செலவில்லாத வழி, நான் இதையே விரும்புவேன்.

லாக்கரில் இருந்தால் பேங்க் பொறுப்பு என்று எண்ணி அதற்குக் காப்பீடு வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். 2022 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி, தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி இவற்றில் பேங்க்கின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரைதான். உங்கள் லாக்கர் வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். உள்ளே இருப்பது 26 லட்சம். வெள்ளம், நிலநடுக்கம் என்றால், பேங்க் பக்கம் கவனக்குறைவு இல்லாதவரை அந்தப் பொறுப்பும் இல்லை. லாக்கர் நகையையும் பட்டியலில் சேர்த்து, 'லாக்கரில் இருப்பவை' என்று தனியாகக் குறித்துக் கேளுங்கள். அதற்குப் பிரீமியம் குறைவாகக் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் லாக்கருக்கு என்று எடுத்தது வீட்டுக்கு வந்ததும் செல்லுமா என்பதையும் கூடவே கேட்டு எழுதி வாங்குங்கள்.

சராசரி விதியின் தொல்லை இல்லாத வழி, ஒவ்வொரு நகைக்கும் முன்கூட்டியே ஒரு மதிப்பை இரு தரப்பும் ஒப்புக்கொண்டு பாலிசியோடு சேர்த்துவிடுவது. பாரத் கிருஹ ரக்ஷாவில் மதிப்புமிக்க பொருட்களுக்கு இந்த முறைதான். திருட்டுப் பிரிவிலும் இப்படிச் செய்யக் கேளுங்கள். இதற்கு மதிப்பீட்டுச் சான்றிதழ் வேண்டும். மொத்தம் 5 லட்சத்துக்குள்ளும், எந்த ஒரு உருப்படியும் 1 லட்சத்துக்கு மேல் போகாமலும் இருந்தால் சான்றிதழ் வேண்டாம் என்று அந்த பாலிசி விலக்கு தருகிறது. 2021-ல் 1 லட்சத்துக்குள் இரண்டு பவுனுக்கு மேல் அடங்கும். இன்று ஒரு சின்ன செயின்கூட அந்த எல்லையை முட்டுகிறது. ஆகவே உங்களுக்குச் சான்றிதழ் தேவைப்படும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழை நகைக்கடையில் தெரிந்தவரிடம் லெட்டர்பேடில் எழுதி வாங்க வேண்டாம். வருமான வரித் துறையில் நகைக்கான பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்கள் இருக்கிறார்கள், திருச்சியிலோ சென்னையிலோ கிடைப்பார்கள். தஞ்சாவூரில் இருக்கிறாரா என்று முதலில் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் கேளுங்கள், அவர்கள் ஏற்றுக்கொள்ளும் ஆளையே அவர்கள் சொல்லிவிட்டால் பிறகு வாதம் இருக்காது. மதிப்பில் செய்கூலியும் சேதாரமும் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அடகுக்கு மதிப்பிடும் வழக்கத்தில் வெறும் தங்க எடையை மட்டும் போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்டால் திருடு போன நகையைத் திரும்பச் செய்ய ஆகும் செலவில் செய்கூலி முழுக்க உங்கள் தலையில் விழும். தங்கம் விலை ஏறிக்கொண்டே போவதால், ஒவ்வொரு ஆண்டும் புதுப்பிக்கும்போது தொகையை அன்றைய விலைக்கு மாற்றச் சொல்ல வேண்டும். பழைய தொகையிலேயே புதுப்பித்தால் ஒப்புக்கொண்ட அந்தப் பழைய மதிப்புதான் வரும்.

அடுத்து பட்டியல். "நெக்லஸ் 1, வளையல் 6, ஆரம் 1, மொத்தம் 16 பவுன்" என்று எழுதிய தாள் பட்டியல் ஆகாது. அதை வைத்து எந்த நெக்லஸ் போனது என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் மாமியாரிடம் ஒரு கெம்பு அட்டிகை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கான வரி இப்படி இருக்க வேண்டும்: "கெம்புக்கல் அட்டிகை, நடுவில் மாங்காய்ப் பதக்கம், கீழே முத்துத் தொங்கல் 9, மொத்த எடை 31.450 கிராம், கல்லும் முத்தும் 4.200 கிராம், நிகரத் தங்கம் 27.250 கிராம், 22 காரட், கொக்கியில் கடை முத்திரை இரண்டு எழுத்து, உரிமையாளர் மாமியார், அவருடைய திருமணத்தில் தாய்வீட்டில் போட்டது, இருக்குமிடம் வீடு." இதில் மிக முக்கியமானது நிகர எடை. வீட்டில் 4 பவுன் அட்டிகை என்று சொல்லிப் பழகியிருப்பீர்கள். கல்லைக் கழித்தால் 3.4 பவுன்தான். சொன்னதுக்கும் இருந்ததுக்கும் உள்ள இந்த வித்தியாசம்தான் பிறகு சந்தேகமாக மாறும்.

ஒரு நாள் முழு நகையையும் எடுத்துக்கொண்டு வழக்கமாக வாங்கும் கடைக்குப் போய் எடை போட்டுவிடுங்கள். பில்லிங் தராசில் மில்லிகிராம் வரை காட்டும். தராசுத் தட்டில் நகை இருக்க, எண் தெரிய ஒரு போட்டோ. அப்புறம் முன்பக்கம் ஒன்று, கொக்கிக்குப் பின்னால் முத்திரை தெரிய ஒன்று. மூன்று படம் ஒரு நகைக்குப் போதும். வெள்ளிக் குத்துவிளக்கு, கொலுசு, பூஜைச் சாமானையும் இதே முறையில் எழுதுங்கள். தங்கக் காசு இருந்தால் அதைத் தனி வரியில் எழுதிக் கம்பெனியிடம் குறிப்பாகக் கேளுங்கள். காசும் கட்டியும் பெரும்பாலான பாலிசிகளில் நகை என்ற வகைக்குள் வராது. நகை இல்லாத தனிக் கல்லுக்கும் அப்படித்தான்.

இனி பில் விஷயம். பில் இல்லை என்பதற்காகக் க்ளெய்மே போய்விடாது. நகை இருந்தது, அது உங்களுடையது, இவ்வளவு எடை என்ற மூன்றையும் வேறு காகிதத்தால் காட்ட முடிந்தால் போதும். நம் வீடுகளில் அப்படிப்பட்ட காகிதம் இருக்கிறது, யாரும் அதை அப்படிப் பார்ப்பதில்லை. எப்போதாவது நகைக்கடன் வாங்கினீர்களா? பேங்கிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அடகு வைத்தபோது கொடுத்த சீட்டில் உருப்படியின் பெயர், எண்ணிக்கை, மொத்த எடை, நிகர எடை, உங்கள் பெயர், தேதி எல்லாம் அவர்களுடைய அப்ரைசர் எழுதியிருப்பார். நகையைக் காசாகப் பார்த்துக் கடன் கொடுத்த மூன்றாம் நபர் எடுத்த எடை அது. உங்களுக்குச் சாதகமாகப் பொய் சொல்ல அவருக்கு எந்தக் காரணமும் இல்லை என்பதால் சர்வேயர்கள் இதை மதிப்பார்கள். மீட்ட பிறகு அந்தச் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். கிழித்துவிட்டிருந்தால் பேங்கில் பழைய கடன் கணக்கின் விவரத்தை எழுதிக் கேட்கலாம்.

அடுத்தது கல்யாண ஆல்பம். அட்டிகை கழுத்தில் தெளிவாகத் தெரியும் படத்தைத் தேர்ந்தெடுத்து, எந்த நிகழ்ச்சி, எந்த வருடம் என்று பின்னால் எழுதிப் பட்டியலோடு வையுங்கள். பழைய நகை போட்டுப் புதியது வாங்கியிருந்தால் அந்த பில்லில் பழைய தங்கத்தின் எடை கழித்திருக்கும், அதுவும் சாட்சி. நகைச் சீட்டு கட்டி வாங்கியிருந்தால் அந்தப் புத்தகம். குடும்பப் பாகப் பத்திரத்திலோ உயிலிலோ நகை குறித்திருந்தால் அதன் நகல். இவற்றுக்கு மேல் மதிப்பீட்டாளரின் போட்டோவோடு கூடிய அறிக்கை, திருட்டுக்கு முந்தைய தேதியில். தேதிதான் அதற்கு உயிர். திருட்டுக்குப் பிறகு நினைவிலிருந்து போடும் மதிப்பீட்டுக்கு அந்த வலு கிடையாது.

கடையில் கொடுக்கும் 'எஸ்டிமேட்' சீட்டை பில் என்று பத்திரப்படுத்தி வைத்திருக்கிறவர்கள் ஏராளம். அதில் ஜிஎஸ்டி எண் இருக்காது, பில் எண் இருக்காது, பல நேரம் உங்கள் பெயர்கூட இருக்காது. ஒன்றும் இல்லாததற்கு அது பரவாயில்லை, அவ்வளவுதான். இனி தை மாதக் கல்யாணத்துக்கு வாங்குவதை எல்லாம் முறையான பில்லோடு, வீட்டில் யாருக்கு வாங்குகிறீர்களோ அவர் பெயரிலேயே வாங்குங்கள். அதில் ஒவ்வொரு உருப்படிக்கும் ஹால்மார்க் எண்ணை எழுதச் சொல்லுங்கள். 2023 ஏப்ரலிலிருந்து கடைகளில் விற்கும் ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க எழுத்தும் எண்ணும் கலந்த HUID இருக்க வேண்டும். BIS Care என்ற ஆப்பில் அதைப் போட்டால் எந்த வகை நகை, என்ன தரம், எந்தக் கடை பதிவு செய்தது என்று வரும். உங்கள் பெயர் வராது. அதனால் அந்த எண் மட்டும் சொந்தம் என்பதற்குச் சான்று இல்லை. எண்ணையும் பெயரையும் ஒரே தாளில் கட்டிப்போடுவது பில்தான்.

யாருடைய நகை என்ற கேள்வியும் இருக்கிறது. மாமியார் உங்களோடு நிரந்தரமாக இருப்பதால் பாலிசியில் அவரும் குடும்ப உறுப்பினர் என்று சேர்க்க முடியும். பட்டியலில் உரிமையாளர் என்ற இடத்தில் அவர் பெயரையே போடுங்கள், உங்கள் பெயரைப் போட்டு எளிதாக்க வேண்டாம். பிறகு அவருடைய திருமணப் படத்தைச் சான்றாகக் காட்டும்போது பெயர் மாறி நிற்கும். மகளின் நகைதான் சிக்கல். கட்டிக்கொடுத்த மகள் வேறு ஊரில் வேறு குடும்பமாக இருக்கிறார். உங்கள் பாலிசியில் குடும்பம் என்பது உங்களோடு வசிப்பவர்கள் என்று இருந்தால் அவர் நகை அதில் அடங்காது. அதைத் தனியாகத் தெரிவித்து, எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். முடியாது என்றால் அந்த நகையை அவர் பெயரில் ஒரு லாக்கரில் வைத்து அவர் பாலிசியிலேயே எடுப்பதுதான் நல்லது. சொல்லாமல் உங்கள் நகையோடு கலந்து எழுதிவிட்டால், ஒரு உருப்படி பொய் என்று ஆகி, மற்ற நகைக்கும் சேர்த்து நம்பிக்கை போய்விடும்.

வருமான வரி பயத்தைப் பற்றி. திருமணமான பெண்ணுக்கு 500 கிராம், மணமாகாத பெண்ணுக்கு 250, ஆணுக்கு 100 என்று ஊரெல்லாம் சொல்லும் கணக்கு, நகை வைத்துக்கொள்வதற்கான வரம்பு இல்லை. சோதனைக்கு வரும்போது இந்த அளவு வரை பறிமுதல் செய்ய வேண்டாம் என்று 1994 மே மாதம் நேரடி வரிகள் வாரியம் அதிகாரிகளுக்குக் கொடுத்த அறிவுரை அது. நேர்மையான வருமானத்திலோ சீதனமாகவோ பாகமாகவோ வந்த நகை எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், எப்படி வந்தது என்று சொல்ல முடிந்தால் போதும். உங்கள் 42 பவுன் 336 கிராம். இரண்டு பெண்கள் இருக்கும் வீட்டுக்கு அது அந்தக் கணக்கிலும் எங்கோ உள்ளே அடங்கிவிடுகிறது. எந்த நகை எப்படி வந்தது என்று ஒரு வரி எழுதி வைக்கும் இதே பட்டியல், வரி அதிகாரி கேட்டாலும் உங்களுக்கு உதவும் தாள்தான். மறைப்பதற்கு எதுவும் இல்லாதவர் அதை எழுதப் பயப்பட வேண்டியதில்லை.

கடைசியாக, நடக்கக் கூடாதது நடந்துவிட்டால். 112-க்குப் போன் செய்யுங்கள். போலீஸ் வருவதற்கு முன்பு வீட்டைக் கூட்டவோ பீரோவை அடுக்கவோ வேண்டாம். உடைந்த தாழ்ப்பாள், நெளிந்த கம்பி, கீழே கிடக்கும் துணி எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். பலவந்தம் நடந்ததற்கு அதுதான் சாட்சி. ஸ்டேஷனில் பதற்றத்தில் "ஒரு 20 பவுன் இருக்கும்" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிடாதீர்கள். புகாரில் எழுதியதும் இன்சூரன்ஸில் கேட்பதும் வேறாக இருந்தால் சர்வேயர் முதலில் பிடிப்பது அந்த இடத்தைத்தான். அன்றிரவே பட்டியலை எடுத்து, வீட்டில் மிச்சம் இருப்பதோடு ஒப்பிட்டு, காணாமல் போன வரிகளுக்கு எதிரே குறி போட்டு, அந்த நகலையே புகாரோடு இணைத்துக் கொடுங்கள். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம், விடுபட்டதைப் பிறகு தருகிறோம் என்று ஒரு வரியும் எழுதிவிடுங்கள். ஸ்டேஷனில் முதலில் புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது கொடுத்து அனுப்புவது வழக்கம். அது இன்சூரன்ஸுக்குப் போதாது, எஃப்ஐஆர் வேண்டும். அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். அதே நாளில் கம்பெனிக்கும் மெயில் அனுப்பி, க்ளெய்ம் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு சர்வேயர் வருவார். அவர் கேட்பது இந்தப் பட்டியல், சான்றுகள், எஃப்ஐஆர், கடைசியில் போலீஸ் தரும் 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்ற அறிக்கை. அந்த அறிக்கை வர மாதக்கணக்கில் ஆகலாம், அதற்காக மற்றக் காகிதங்களை நிறுத்தி வைக்க வேண்டாம். பணம் கொடுக்கும்போது, நகை பின்னால் கிடைத்தால் கம்பெனிக்குச் சேரும் என்று ஒரு கடிதத்தில் கையெழுத்து கேட்பார்கள். மாமியாரின் அட்டிகை போன்ற, பணத்தைவிட நகையே வேண்டும் என்று நினைக்கும் உருப்படி இருந்தால், கிடைத்தால் பணத்தைத் திருப்பிக் கொடுத்து நகையை எடுத்துக்கொள்ள வழி உண்டா என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டு எழுதச் சொல்லுங்கள். கம்பெனி மறுத்தாலோ, எழுதிய புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டாலோ, இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும், சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். 50 லட்சம் வரையான வழக்கை அங்கே கட்டணம் இல்லாமல் எடுத்துக்கொள்கிறார்கள், வக்கீல் வேண்டாம். மறுப்புக் கடிதம் வந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

பட்டியலும் படங்களும் பீரோவிலேயே இருந்தால் திருடனோடு அவையும் போய்விடும். ஒரு நகலை மகளிடம் கொடுங்கள், இன்னொன்றை மெயிலில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணம் முடிந்து, புதிதாக வந்த நகையையும் மருமகளுக்குப் போட்டதையும் சேர்த்து எழுதிய பிறகு, அதையும் கம்பெனிக்கு அனுப்பி பாலிசியைத் திருத்திக்கொள்ளுங்கள்.